பத்து வருஷக் கணக்கு அவளுக்கு இல்லை

சாந்தோம் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் குடியிருப்புகளில் சம்பாதிக்கிற ஆண் திடீரென்று போய்விட்டால், காரியம் முடிந்த கையோடு ஒரு பேச்சு கிளம்பும். துக்கம் கேட்க வந்தவர்கள் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்வது அது. "அவரு பிரைவேட் கம்பெனிதானேம்மா, பென்ஷன்லாம் கவர்மென்ட்டுக்குத்தான்." இன்னொருவர் விவரம் தெரிந்தவர்போலத் திருத்துவார்: "பி.எஃப்.-லயும் பென்ஷன் உண்டு. ஆனா பத்து வருஷம் சர்வீஸ் இருக்கணும், இவருக்கு ஏழுகூட ஆகல." மூன்றாவது ஆள், பெரும்பாலும் கணவர் வீட்டுச் சொந்தம், மெதுவாகச் சொல்வார்: "நாமினி அவங்க அம்மா பேர்ல இருக்கு. உனக்கு ஒண்ணும் வராது."

இந்த மூன்று பேச்சையும் சேர்த்துக் கேட்ட பெண் என்ன செய்வாள்? கம்பெனியில் கொடுக்கிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, பி.எஃப். கணக்கில் இருப்பதை வாங்கிக்கொண்டு, பிறகு மயிலாப்பூர் தாலுகா அலுவலகத்தில் ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு மனுப் போடுவாள். மாதம் 1,200 ரூபாய் கிடைத்தால் அதுதான் 'விதவைப் பென்ஷன்' என்று குடும்பம் நம்பிவிடும். கணவரின் உழைப்பின் பேரில் அவளுக்கு என்று எழுதி வைக்கப்பட்ட ஓய்வூதியம் கேட்பாரற்றுக் கிடக்கும்.

மேலே சொன்ன மூன்று பேச்சும் தவறு. இரக்கத்தோடு சொல்லப்பட்டாலும் தவறுதான். மூன்றிலும் அதிகக் கெடுதல் செய்வது அந்த நடுப் பேச்சு. ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது.

பத்து வருட விதி உண்மையிலேயே இருக்கிறது. 1995 நவம்பர் 16 முதல் நடப்பில் இருக்கும் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், உயிரோடு இருக்கும் தொழிலாளி 58 வயதில் மாத ஓய்வூதியம் வாங்க வேண்டுமானால் பத்து வருடச் சேவை வேண்டும். அதற்குக் குறைந்தால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வேலையை விட்டு வந்த பலர் அதை வாங்கியிருக்கிறார்கள். அந்த அனுபவம்தான் தெருவெங்கும் விதியாகப் பரவியிருக்கிறது. ஆனால் அது முதுமைக்கான விதி. வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால் பார்க்க வேண்டியது அதே திட்டத்தின் 16-ஆம் பத்தி. அங்கே பத்து வருடம் என்ற பேச்சே கிடையாது. ஓய்வூதிய நிதிக்குக் குறைந்தது ஒரு மாதப் பங்களிப்பு போயிருந்தால் போதும். இறந்த நாளுக்கு மறுநாளிலிருந்து மனைவிக்கு ஓய்வூதியம் தொடங்குகிறது. மனுக் கொடுத்த நாளிலிருந்து அல்ல, இறந்ததற்கு மறுநாளிலிருந்து.

எப்படி இறந்தார் என்ற கேள்வியும் அங்கே இல்லை. வேலை இடத்தில் விழுந்து இறந்தாலும், வீட்டில் தூக்கத்தில் மாரடைப்பு வந்தாலும், ஆறு மாதம் சிறுநீரக நோயில் கிடந்து போனாலும் ஒன்றுதான். கேள்வி ஒன்றே ஒன்று: இறந்த நாளில் அவர் பணியில் இருந்தாரா?

இந்தச் சலுகை பின்னால் யாரோ இரக்கப்பட்டுச் சேர்த்த இணைப்பு என்று நினைப்பவர்கள் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-இல் வந்தது. அதில் ஓய்வூதியம் கிடையாது, சேமிப்பு மட்டும்தான். இளம் வயதில் ஒரு தொழிலாளி இறந்தால் கணக்கில் சொற்பப் பணம்தான் இருக்கும், குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்பது இருபது வருட அனுபவத்தில் தெரிந்தது. அதற்காக 1971 மார்ச் 1 முதல் குடும்ப ஓய்வூதியத் திட்டம் வந்தது. தனியார் துறைத் தொழிலாளர்களுக்கு இந்த அமைப்பு கொடுத்த முதல் ஓய்வூதியமே இறந்தவரின் மனைவி மக்களுக்கானதுதான். தொழிலாளிக்குத் தன் முதுமையில் மாதப் பணம் என்பது அதற்கு 24 வருடம் கழித்துத்தான் வந்தது. ஆகவே, விதவை ஓய்வூதியம் இந்தத் திட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கிளை என்று நினைப்பது தலைகீழ்ப் பார்வை. வேரே அதுதான்.

அதற்கான பணமும் கணவர் பெயரில் மாதாமாதம் போய்க்கொண்டிருந்ததுதான். சம்பளச் சீட்டில் பிடித்தம் என்று தெரிவது தொழிலாளியின் 12 சதவீதம். அதே அளவு முதலாளி போடுவதில் 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குப் போகிறது, மிச்சம்தான் பி.எஃப். கணக்குக்கு வருகிறது. ஊதிய உச்சவரம்பான 15,000 ரூபாய்க்குக் கணக்கிட்டால் மாதம் 1,250 ரூபாய். மத்திய அரசும் 1.16 சதவீதம் சேர்க்கிறது. "பி.எஃப். முழுக்க எடுத்தாச்சு" என்று சொல்லும்போது இந்த நிதி அந்த 'முழுக்க'வில் சேரவில்லை. அது தனிப் பணம், அதற்குத் தனி விண்ணப்பம்.

ஒரு குடும்பத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெயர் வேண்டாம், பட்டினப்பாக்கத்திலிருந்து தி. நகருக்கு வேலைக்குப் போகிற எத்தனையோ பேருக்குப் பொருந்தும் கணக்கு இது. 2019 மார்ச்சில் ஒரு ஜவுளிக் கடையின் கிடங்கில் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்தபோது அடிப்படைச் சம்பளம் 14,000 ரூபாய், அடுத்த வருடமே 15,000-ஐ எட்டியது, கடைசியில் 16,000. படிகளோடு சேர்த்துக் கையில் பேசிய சம்பளம் 20,000. 2025 அக்டோபரில் ஒரு விடியற்காலை வீட்டில் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார். வயது 38. மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு குழந்தைகள், கூடவே இருக்கும் வயதான அம்மா.

சேவை ஆறு வருடம் ஏழு மாதம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஒரு வருடமாகக் கொள்ளப்படும் என்பதால் ஏழு வருடம். ஓய்வூதியச் சூத்திரம் எளிது: கடைசி 60 மாதச் சராசரி ஊதியத்தை, அதாவது உச்சவரம்பான 15,000-ஐ, சேவை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 பெருக்கல் 7 வகுத்தல் 70, விடை 1,500 ரூபாய். இதோடு கணக்கு முடியவில்லை. திட்டத்தில் 'சி' என்று ஓர் அட்டவணை இருக்கிறது. அது சேவை வருடத்தைப் பார்ப்பதில்லை, இறந்தபோது இருந்த சம்பளத்தை மட்டும் பார்க்கிறது. குறைந்த வருடம் வேலை பார்த்து இறந்தவரின் மனைவியைக் காப்பாற்றத்தான் அந்த அட்டவணை. சூத்திரத் தொகை, அட்டவணைத் தொகை, குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாய் ஆகிய மூன்றில் எது பெரியதோ அதைத்தான் கொடுக்க வேண்டும். ஆக, இந்த அம்மாளுக்கு 1,500-க்குக் குறையாது. குழந்தை ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் ஓய்வூதியத்தில் கால் பங்கு, 25 வயது வரை: 375 ரூபாய் வீதம் இரண்டு பேருக்கு. மாதம் 2,250 ரூபாய்க்குக் குறையாமல் வர வேண்டும்.

இங்கேதான் அடுத்த மறுப்பு வரும். "இந்த ரெண்டாயிரத்துக்காகவா அலையணும்?" தொகை குறைவு என்பது முழு உண்மை. 1,000 ரூபாய் என்ற குறைந்தபட்சம் 2014 செப்டம்பரில் வைத்தது. அதை 7,500 ஆக்கச் சொல்லி ஓய்வூதியர்கள் வருடக்கணக்கில் போராடுகிறார்கள், அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனால் குறைவு என்பது உயர்த்திக் கேட்பதற்கான காரணமே தவிர, கேட்காமல் விடுவதற்கான காரணம் ஆகாது. 38 வயதில் இறந்தவரின் மனைவிக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவள் மறுமணம் செய்யாதவரை ஆயுள் முழுக்க வரும் பணம் இது. மறுமணம் செய்தாலும் குழந்தைகளின் உரிமை போகாது. அவர்களுக்கான தொகை கால் பங்கிலிருந்து முக்கால் பங்காக, அனாதைக் குழந்தைகளுக்கான விகிதத்துக்கு உயரும். தாலுகா அலுவலக உதவித்தொகைக்கு 'ஆதரவற்றவள்' என்று நிரூபிக்க வேண்டும். இதற்கு அது வேண்டாம். அவள் வேலைக்குப் போகலாம், சொந்த வீடு இருக்கலாம், பிள்ளைகள் சம்பாதிக்கலாம். கணவர் கட்டியதற்குக் கிடைப்பது, கையேந்தி வாங்குவது அல்ல.

அதோடு, 'ரெண்டாயிரம்' என்று தள்ளிவிடுபவர்கள் அதே விண்ணப்பக் கட்டில் இருக்கும் இன்னொரு தாளைப் பார்ப்பதே இல்லை.

1976 ஆகஸ்டிலிருந்து பி.எஃப். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆயுள் காப்பீடு இருக்கிறது. வைப்புநிதியுடன் இணைந்த காப்பீட்டுத் திட்டம் என்று பெயர், கம்பெனிக் கணக்கர்கள் வாயில் இ.டி.எல்.ஐ. தொழிலாளியின் சம்பளத்தில் இதற்காக ஒரு பைசா பிடிப்பதில்லை, முதலாளிதான் ஊதியத்தில் அரை சதவீதம் கட்டுகிறார். 15,000 ரூபாய்க்கு மாதம் 75 ரூபாய். பிடித்தமே இல்லாததால் சம்பளச் சீட்டில் அது தெரிவதில்லை. தெரியாததால் உயிரோடு இருக்கும்போது தொழிலாளிக்கே தெரியாது, இறந்தபின் மனைவிக்கு எப்படித் தெரியும்?

நம் கணக்கில் வரும் கிடங்குத் தொழிலாளிக்கு இது எவ்வளவு? கடைசி 12 மாதச் சராசரி ஊதியம், உச்சவரம்புப்படி 15,000, அதன் 35 மடங்கு 5,25,000 ரூபாய். அந்த 12 மாதத்தில் பி.எஃப். கணக்கில் இருந்த சராசரி இருப்பு 2,00,000 என்றால் அதில் பாதி, 1,00,000. மொத்தம் 6,25,000 ரூபாய். இந்தத் திட்டத்தின் உச்சம் 7,00,000. ஒரே வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்குக்கூட 2,50,000-க்குக் குறையக் கூடாது. பி.எஃப். கணக்கில் இருந்த இரண்டு லட்சத்துச் சொச்சம் இதில் சேராது, அது தனி. ஏழு வருடத்துக்கான பணிக்கொடையும் தனி: கடைசி ஊதியம் 16,000-ஐ 26-ஆல் வகுத்து, 15 நாள் வீதம் ஏழு வருடத்துக்குப் பெருக்கினால் 64,615 ரூபாய். பணிக்கொடைக்கு ஐந்து வருடம் வேண்டும் என்ற பேச்சும் உயிரோடு வேலையை விடுபவருக்குத்தான். இறந்தவருக்கு அந்த ஐந்து வருடமும் வேண்டாம்.

வாசலில் நின்று "ஒண்ணும் வராது" என்று சொன்ன வாய்க்கும், எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட ரூபாய்க்கும் மாத ஓய்வூதியத்துக்கும் நடுவே நிற்பது மூன்று படிவங்கள்தான். பி.எஃப். இருப்புக்குப் படிவம் 20, ஓய்வூதியத்துக்குப் படிவம் 10-டி, காப்பீட்டுக்குப் படிவம் 5-ஐ.எஃப். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்த மரண விண்ணப்பப் படிவமும் இருக்கிறது. சில கம்பெனிகளில் முதல் தாளை மட்டும் நிரப்பிக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். அங்கேதான் மற்ற இரண்டும் காணாமல் போகின்றன.

இனி அந்த நாமினி பேச்சு. கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த பையன் அம்மா பெயரைத்தான் எழுதுவான், வேறு யாரை எழுதுவான்? பிறகு கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும், அந்தப் படிவத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அவன் இறந்ததும் அந்தப் பழைய தாள் ஒரு தீர்ப்புபோல மேலெழுந்து வருகிறது. ஆனால் பி.எஃப். திட்டத்தின் 61-ஆம் பத்தி இதை முன்பே யோசித்திருக்கிறது. கல்யாணம் ஆனதும் புது நியமனம் எழுத வேண்டும், கல்யாணத்துக்கு முன் எழுதிய நியமனம் செல்லாது. செல்லுபடியாகும் நியமனம் இல்லாவிட்டால் பி.எஃப். பணம் மனைவி, குழந்தைகள், இறந்தவரை நம்பியிருந்த பெற்றோர் எல்லோருக்கும் சம பங்காகப் போகும். நம் கணக்கில் அம்மாவுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மறைக்கவும் கூடாது, மறுக்கவும் கூடாது. மகனை இழந்தவள் அவளும்தான்.

ஓய்வூதியத்தில் மட்டும் கதை வேறு. அந்தத் திட்டத்தின்படி குடும்பம் என்பது மனைவி அல்லது கணவர், பிறகு மக்கள். மனைவி இருக்கும்போது அந்த ஓய்வூதியத்தை வேறு ஒருவர் பெயருக்கு எழுதி வைக்கவே முடியாது. நியமனம் என்பது குடும்பமே இல்லாதவர்களுக்கான ஏற்பாடு. பழைய தாளில் அம்மா பெயர் இருந்தாலும், தம்பி பெயர் இருந்தாலும், யார் பெயருமே இல்லாவிட்டாலும், விதவை ஓய்வூதியம் மனைவிக்குத்தான். இந்த ஒரு விஷயம் தெரியாததால் மாமியாரும் மருமகளும் பேச்சுவார்த்தை இல்லாமல் போன வீடுகள் உண்டு. அந்தச் சண்டைக்குச் சட்டத்தில் இடமே கிடையாது என்பதுதான் வருத்தம்.

பிரைவேட் வேலைக்குப் பென்ஷன் இல்லை என்பவர்கள் சரியாகச் சொல்லும் இடமும் இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும். பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத்தான் பொருந்தும். மாடவீதியில் ஏழெட்டு பேரோடு நடக்கும் கடையில் வேலை பார்த்தவரின் மனைவிக்கு இந்த வழி கிடையாது. 2014 செப்டம்பரிலோ அதற்குப் பிறகோ முதன்முதலாக பி.எஃப்.-இல் சேர்ந்து, சேரும்போதே 15,000-க்கு மேல் அடிப்படைச் சம்பளம் வாங்கியவர் ஓய்வூதியத் திட்டத்தில் இல்லை. முதலாளியின் 12 சதவீதமும் அவருடைய பி.எஃப். கணக்குக்கே போயிருக்கும். பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் வேலை பார்த்த பல இளைஞர்களின் மனைவிகளுக்கு விதவை ஓய்வூதியம் வராததற்கு இதுதான் காரணம். ஆனால் அவர்களுக்கும் காப்பீடு உண்டு, உச்சத் தொகையே கிடைக்கவும் கூடும். பாஸ்புக்கைத் திறந்து, ஓய்வூதியப் பங்களிப்பு என்ற பத்தியில் எண் இருக்கிறதா, பூஜ்யமா என்று பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

"கவர்மென்ட்டுன்னா கட்டாயம் பென்ஷன்" என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டதுதான். 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தார்கள். பழைய மாதிரிக் குடும்ப ஓய்வூதியம் அதில் இல்லை. பணியில் இறந்த ஆசிரியரின் மனைவி கணக்கில் சேர்ந்த தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய காலம் இருபது வருடத்துக்கு மேல் ஓடியது. 2026 ஜனவரியில் அரசு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் அந்தக் குடும்பங்களின் கதையும் இருக்கிறது. அரசு என்றால் உண்டு, தனியார் என்றால் இல்லை என்று பிரிக்கும் கோடு நிலத்தில் எங்கும் இல்லை, பேச்சில்தான் இருக்கிறது.

உரிமை பறிபோவது விதியால் அல்ல, பதிவேட்டில் விழும் ஒரு தேதியால். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும் இழப்பு இங்கேதான் நடக்கிறது.

ஒருவர் நோயில் விழுகிறார். மூன்று மாதம் ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைகிறார். சம்பளம் இல்லை, பங்களிப்பும் போகவில்லை. கம்பெனியில் யாரோ ஒருவர், கெட்ட எண்ணம்கூட இல்லாமல், அவர் கடைசியாக வேலைக்கு வந்த நாளை 'விலகிய தேதி' என்று இணையதளத்தில் ஏற்றிவிடுகிறார். அவர் இறக்கும்போது பதிவேட்டின்படி அவர் ஊழியரே இல்லை. 'பணியில் இறந்தார்' என்பது 'வேலையை விட்டுப் பிறகு இறந்தார்' என்று ஆகிவிடுகிறது. பத்து வருடம் முடியாதவருக்கு அந்த ஒரு வரியால் காப்பீட்டுப் பணம் முழுவதும், விதவை ஓய்வூதியமும் சேர்ந்தே, கைநழுவும் நிலை வருகிறது. சம்பளமில்லா விடுப்பு என்பது வேலையை விடுவது அல்ல. அவர் ராஜினாமா எழுதிக் கொடுக்கவில்லை, பணிநீக்கக் கடிதமும் வரவில்லை என்றால் அவர் பணியில்தான் இருந்தார். இந்த அநியாயம் தெரிந்துதான் 2025-இல் காப்பீட்டு விதியைத் திருத்தினார்கள். கடைசிப் பங்களிப்புப் போன ஆறு மாதத்துக்குள் இறந்து, பெயர் ஊழியர் பட்டியலில் இருந்தால் காப்பீடு உண்டு. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே இரண்டு மாதம் வரை இடைவெளி விழுந்தாலும் சேவை அறுந்ததாகாது. ஒரு வருடம் முடிவதற்குள் இறந்தவருக்கும் 50,000 ரூபாய் உண்டு. ஆனால் திருத்தத்திலும் 'பட்டியலில் பெயர் இருந்தால்' என்ற சொல் இருக்கிறது. பெயரை எடுத்துவிட்ட கம்பெனி அந்தச் சொல்லையும் எடுத்துவிடுகிறது.

ஆகவே சாவுச் செய்தி கம்பெனிக்குப் போகும்போதே கேட்க வேண்டியது, விலகிய தேதியாக இறந்த தேதியையும் காரணமாகப் 'பணியில் மரணம்' என்பதையும் பதிவு செய்யச் சொல்வது. வாயால் கேட்டால் போதாது. இறப்புச் சான்றிதழின் நகலோடு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புக் காவலாளி, மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர் போன்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். குடியிருப்புச் சங்கம் ஒப்பந்தக்காரரைக் காட்டும், ஒப்பந்தக்காரர் தொலைபேசியை எடுக்க மாட்டார். ஆனால் ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வைத்தவருக்கும் பங்களிப்புப் போய்ச் சேர வேண்டிய பொறுப்பை பி.எஃப். திட்டம் முதன்மை முதலாளி மேல்தான் வைத்திருக்கிறது. முதலாளி கையெழுத்துப் போட மறுத்தால் கெஜட் அதிகாரி போன்றவர்களின் சான்றொப்பத்தோடு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது.

அடுத்த முட்டுக்கட்டை தமிழர்களுக்கே உரியது: இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பின்னால், பி.எஃப். கணக்கில் முன்னால், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுசாக. கணினிக்கு அவர்கள் மூன்று வேறு மனிதர்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று என்று இன்னும் ஒரு முடிச்சு விழும். உயிரோடு இருக்கும்போது அரை மணி நேரத்தில் திருத்தியிருக்கக் கூடியது, இறந்தபின் கூட்டு உறுதிமொழி, சான்று, நகல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். இந்த இழுபறியில்தான் 'நாங்க எடுத்துத் தர்றோம்' என்று வருகிறவர்களுக்குப் பிழைப்பு. காப்பீட்டுத் தொகையில் பங்கு பேசுவார்கள். இந்த விண்ணப்பங்களுக்குக் கட்டணமே கிடையாது. ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கும் வைப்பு நிதி அலுவலகம் சாந்தோமிலிருந்து லஸ் வழியாக ஒரு பஸ் தூரம்தான். குறையில்லாத விண்ணப்பம் வந்துசேர்ந்த 20 நாளுக்குள் அவர்கள் முடித்துக் கொடுக்க வேண்டும். காரணமில்லாமல் தாமதித்தால் 12 சதவீத வட்டி, அதுவும் ஆணையரின் சம்பளத்திலிருந்து பிடிக்கலாம் என்று விதியே சொல்கிறது. ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி குறைகேட்புக் கூட்டமும் நடக்கிறது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த மறுப்பு பாதியில் நிற்கும். அதே கிடங்குத் தொழிலாளி வீட்டில் நெஞ்சுவலியில் இறக்காமல், காலையில் வேலைக்குப் போகும் வழியில் பைக்கில் அடிபட்டு இறந்திருந்தால்? மொத்தச் சம்பளம் 21,000-க்குள் என்பதால் அவர் இ.எஸ்.ஐ. காப்பீட்டாளர். இ.எஸ்.ஐ. என்றால் கே.கே. நகர் ஆஸ்பத்திரி, மருந்துச் சீட்டு, அவ்வளவுதான் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ஆனால் வேலை காரணமான விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு அதில் சார்ந்தோர் பயன் என்ற மாதத் தொகை உண்டு. தினச் சம்பளத்தில் 90 சதவீதம். 20,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 ரூபாய், மாதம் 18,000. அதை மனைவிக்கும் குழந்தைகளுக்கும் பிரித்துக் கொடுப்பார்கள்.

வழியில் நடந்த விபத்து எப்படி வேலை விபத்தாகும் என்று கம்பெனிகளே கேட்கின்றன. இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-இல் சேர்த்த 51-ஈ பிரிவு அதற்கு அப்போதே பதில் சொல்லிவிட்டது: வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும், வேலை முடிந்து திரும்பும்போதும் நடக்கும் விபத்து, நேரமும் இடமும் வேலையோடு பொருந்தினால், வேலை விபத்தே. உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 29 அன்று சொன்ன தீர்ப்பு இதை இன்னும் அகலமாக்கியது. மகாராஷ்டிராவில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி, விடிகாலை மூன்று மணி வேலைக்குப் பைக்கில் கிளம்பியவர், ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்பாக 2003 ஏப்ரலில் இறந்துபோனார். இழப்பீட்டு ஆணையர் 3,26,140 ரூபாய் கொடுக்கச் சொன்னார், உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மனைவியும் நான்கு குழந்தைகளும் தாயும் 22 வருடம் காத்திருந்த பிறகு உச்ச நீதிமன்றம் ஆணையரின் உத்தரவை மீட்டுக் கொடுத்தது. இ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளிக்கான இழப்பீட்டுச் சட்டத்திலும் வழி விபத்து வேலை விபத்தாகலாம் என்பது இப்போது நாட்டுச் சட்டம்.

இதில் நழுவுவது எங்கே என்றால், போலீஸ் நிலையத்தில். முதல் தகவல் அறிக்கையில் 'பைக்கில் சென்றபோது' என்று மட்டும் எழுதிவிடுவார்கள். எங்கே சென்றார், எத்தனை மணி வேலைக்கு என்பது இருக்காது. அந்த ஒரு வரி இல்லாததால் வேலையோடு உள்ள தொடர்பை நிரூபிக்க வருகைப் பதிவேடு, ஷிஃப்ட் பட்டியல், கூட வேலை பார்த்தவரின் வாக்குமூலம் என்று தேடி ஓட வேண்டியிருக்கும். புகார் எழுதும்போது பக்கத்தில் நிற்கும் மைத்துனரோ பக்கத்து வீட்டுக்காரரோ 'காலை ஒன்பது மணி வேலைக்குப் போகும் வழியில்' என்று சேர்க்கச் சொன்னாலே போதும். கம்பெனி இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை அனுப்பியதா என்று அதே வாரத்தில் கேட்டுவிட வேண்டும். அனுப்பவில்லை என்றால் நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலை மண்டல அலுவலகத்தில் நேரடியாக எழுதிக் கொடுக்கலாம். இயற்கை மரணமாக இருந்தாலும் இ.எஸ்.ஐ. ஈமச்சடங்குக்கு 15,000 ரூபாய் தருகிறது. அதை மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும், பிறகு கேட்டால் காலம் கடந்துவிட்டது என்பார்கள்.

நம் கணக்கில் வரும் அந்த வீட்டுக்குத் திரும்பலாம். மூன்று தாள்களும் போய்ச் சேர்ந்து, ஓய்வூதிய ஆணையும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ஒருமுறை உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும், மறந்தால் பணம் நின்றுபோகும், கொடுத்ததும் நின்ற மாதங்களுக்கும் சேர்த்து வரும். குழந்தைகளுக்கான தொகை மூத்தவர் தொடங்கி ஒரு நேரத்தில் இருவருக்கு. மூன்றாவதாக ஒரு பிள்ளை இருந்தால், மூத்தவருக்கு 25 வயது முடிந்ததும் அந்த இடம் மூன்றாவது பிள்ளைக்கு வரும். அதற்காக முதல் விண்ணப்பத்திலேயே மூன்று பிள்ளைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதியிருக்க வேண்டும். கைக்குழந்தைதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பதினைந்து வருடம் கழித்துப் பிறப்புச் சான்றோடு மறுபடியும் ராயப்பேட்டைக்கு அலைய வேண்டியது அந்த அம்மாள்தான்.